கொக்கிப் படம்

அன்று கடையில் இருந்தவர்கள்:

பாய். கடை அவருடையது. சிங்கப்பூரில் தேக்கா பக்கம், மாடியில், இரண்டு அச்சு இயந்திரம், ஒரு வெட்டும் இயந்திரம்.

பாதுகாப்பு அதிகாரி அம்மா. கட்டுமானக் கம்பெனியில் வேலை. அவர்களுடைய மாதச் செய்தி மடலை நாங்கள்தான் அடிக்கிறோம். எட்டுப் பக்கம், தமிழும் இங்கிலீஷும்.

சாரம் கட்டும் தொழிலாளி ஒருவர். மடல் கட்டுகளை வாங்கிக்கொண்டு போய்த் தொழிலாளர் விடுதியில் கொடுப்பது அவர்தான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அவருக்கு லீவு.

நான். பக்கம் அமைப்பது என் வேலை. எட்டாவதோடு நின்றவன். கணினி கைப்பழக்கம்.

அந்தம்மா வந்ததும் உட்காரவில்லை. போன மாத மடலை விரித்து என் மேசையில் வைத்தார். நான்கு, ஐந்து பக்கங்கள். உயரத்தில் வேலை செய்யும்போது பெல்ட்டின் கொக்கியை எங்கே மாட்டுவது என்ற பாடம்.

தொழிலாளியைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்க. எங்க மாட்டுனீங்க?"

"படத்துல இருக்கிற மாதிரிதான் மேடம். கைப்பிடிக் குழாயில."

"கைப்பிடிக் குழாயிலயா?"

"ஆமா. பக்கத்துல 'இப்படி மாட்டவும்'னு போட்டிருந்துச்சு."

நான் பார்த்தேன். போட்டிருந்தது.

கொக்கி தலைக்கு மேல் இருக்கும் உயிர்க்கயிற்றில் மாட்ட வேண்டும். இடுப்பு உயரக் கைப்பிடிக் குழாயில் மாட்டினால் விழும் தூரம் கூடும். குழாயும் தாங்காது. இரண்டையும் படம் எடுத்துத்தான் கொடுத்திருந்தார்கள். ஒன்று சரி, ஒன்று தவறு. படத்தில் எந்தக் குறியும் கிடையாது. சரி எது, தவறு எது என்பதைப் பக்கத்து எழுத்துதான் சொல்ல வேண்டும்.

"எத்தன நாள் அப்படி மாட்டுனீங்க?" என்று பாய் கேட்டார்.

"ஒம்பது நாள் பாய். ஆறாவது மாடி."

"ஒண்ணும் ஆகலையே?"

"ஆயிருந்தா நான் இங்க வந்து நிப்பேனா லா?" சிரித்தார். "நேத்து சூப்பர்வைசர் பாத்துட்டு கத்துனாரு. அப்பத்தான் பேப்பரக் காட்டுனேன்."

எப்படி ஆயிற்று என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சொல்லத்தான் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

பாடத்தில் ஆறு படி. பக்கத்துக்கு மூன்று. படங்களைக் கண்ணால் பார்த்து, கையால் இழுத்து வைத்திருந்தேன். தமிழ் எழுத்து ஒரே ஓட்டமாக நான்காம் பக்கத்திலிருந்து ஐந்தாம் பக்கத்துக்கு ஓடியது. படிக்கு எண் போடவில்லை. அச்சுக்குப் போகிற அன்று காலை அந்தம்மா போன் பண்ணி ஒரு படி சேர்க்கச் சொன்னார். பெல்ட்டில் கிழிசல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது. தமிழில் மட்டும். இங்கிலீஷ் மேலிடத்தில் ஒப்புதல் வாங்கியது, அதைத் தொட முடியாது. நல்லதுக்குத்தான் சொன்னார்.

முதல் படியாகச் சேர்த்தேன். தமிழ் முழுவதும் ஒரு படி கீழே இறங்கியது. படங்கள் இறங்கவில்லை. மூன்றாம் படத்துக்குப் பக்கத்தில் இருந்த 'இப்படி மாட்டவும்' அடுத்த பக்கம் போய், நான்காம் படத்தின் பக்கத்தில் நின்றது. அதுதான் கைப்பிடிக் குழாய்.

பாய் சரிபார்த்தார். எப்போதும்போல இங்கிலீஷை வைத்து. இங்கிலீஷ் நகரவில்லை. அந்தம்மாவும் இங்கிலீஷைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். தமிழைப் படிப்பது சாரத்தின் மேல் நிற்பவர்கள் மட்டும்.

"நான் பாக்காம விட்டுட்டேன்," என்றார் அந்தம்மா.

"வச்சது நான்," என்றேன்.

"அத அப்புறம் பேசிக்கலாம்," என்றார் பாய். "எத்தன பேரு இப்ப கைப்பிடியில மாட்டிட்டு நிக்கிறாங்க?"

யாருக்கும் தெரியவில்லை. அன்று ஞாயிறு. லீவுக்குத் தேக்கா வந்து எல்லாரும் கீழே தெருவில் நின்றார்கள். திங்கள் காலை ஏறுவார்கள்.

அந்தம்மா சூப்பர்வைசர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் பண்ண ஆரம்பித்தார். இரண்டு பேர் எடுக்கவில்லை. நான் புதுப் பக்கம் திறந்தேன்.

இந்த முறை கண்ணை நம்பவில்லை. முதலில் கட்டம் போட்டேன். ஏ4 தாள், அகலம் இருநூற்றுப் பத்து மில்லிமீட்டர். மடிக்கும் பக்கம் பதினெட்டு விட்டேன், வெளிப்பக்கம் பன்னிரண்டு. மீதி நூற்றெண்பது. அதில் ஆறு பத்தி, ஒவ்வொன்றும் இருபத்தைந்து, நடுவே ஆறு மில்லி இடைவெளி. இரண்டு பத்தி படத்துக்கு, இரண்டு தமிழுக்கு, இரண்டு இங்கிலீஷுக்கு.

பிறகு வரி. தமிழுக்கு மேலே கொம்பும் சுழியும் வரும், கீழே வாலும் வரும். இங்கிலீஷுக்குப் போதும் என்கிற இடைவெளியில் வைத்தால் மேல்வரி கீழ்வரியில் இடிக்கும். அதனால் தமிழுக்கு ஏற்ற மாதிரி ஐந்து மில்லிக்கு ஒரு வரி என்று வைத்து, இங்கிலீஷையும் அதே வரியில் உட்கார வைத்தேன். பக்கத்துக்கு ஐம்பத்தோரு வரி. பன்னிரண்டு வரிக்கு ஒரு அறை, நடுவே ஒரு வரி காலி. ஒரு பக்கத்தில் நான்கு அறை.

இதை மாஸ்டர் பக்கத்தில் போட்டேன். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. எட்டுப் பக்கத்துக்கும் அதே கோடு வந்தது.

ஒரு அறையில் ஒரு படி. படம், தமிழ், இங்கிலீஷ் மூன்றும் அதே அறையில். எழுத்துப் பெட்டி எதையும் அடுத்த பெட்டியோடு சேர்க்கவில்லை. எழுத்து நிறைந்தால் மூலையில் சிவப்புக் குறி வரும். கீழே ஓடாது.

இரண்டு இடத்தில் சிவப்பு வந்தது.

"எழுத்தச் சின்னதாக்கேன் பா," என்றார் பாய்.

"வேண்டாம் பாய். வார்த்தையக் குறைக்கணும்."

அந்தம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டே சில வார்த்தைகளை அடித்து நீக்கினார். சிவப்பு போயிற்று.

கிழிசல் பார்க்கும் படிக்குப் படம் இல்லை.

"காலியா விட்டா அசிங்கமா இருக்காதா?" என்றார் பாய்.

"இருக்கட்டும்."

தலைப்புக்கு ஒரு அறை. நான்காம் பக்கத்தில் மூன்று படி, ஐந்தில் நான்கு. சரியாக இருந்தது. தவறான படத்தின் மேல் குறுக்கே சிவப்புக் கோடு போட்டேன். படிகளுக்கு எண் போட்டேன்.

தொழிலாளியைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, இங்கிலீஷைக் கையால் மறைத்தேன்.

"தமிழ மட்டும் பாத்துச் சொல்லுங்க. கொக்கிய எங்க மாட்டணும்?"

படத்தைத் தொட்டார். "இங்க. தலைக்கு மேல."

"இது?"

"கோடு போட்டிருக்கு. கூடாது."

"நல்லாப் பாருங்கண்ணே," என்றார் அந்தம்மா.

"பாத்துட்டேன் மேடம். போன தடவையும் நல்லாத்தான் பாத்தேன்."

பாய் எழுந்து போய் இயந்திரத்தைப் போட்டார்.

மாலைக்குள் அடித்து முடித்தோம். பழையதைக் கொடுத்தால்தான் புதியது என்று அந்தம்மா சொல்லிவிட்டார். திங்கள் காலை பாசிர் ரிஸ் கட்டுமானத் தளத்தில் வாசலிலேயே நின்று மாற்றிக் கொடுத்தார்கள். மற்ற இரண்டு தளத்திலும் அப்படியே. விடுதிச் சுவரில் ஒட்டியிருந்ததைக் கிழித்து எடுத்தார்கள். வடை மடித்த எண்ணெய்த் தாள்கூட வந்தது. வேறு கம்பெனிக்கு மாறிப் போனவர்கள் சிலர். அவர்களில் ஒருவர் ஜுரோங் பக்கம் எங்கேயோ இருக்கிறார், போன் எண் மாறிவிட்டது.

புதன்கிழமை தொழிலாளி பழைய மடல்களைக் கட்டிக்கொண்டு மாடி ஏறி வந்தார். நான்தான் எண்ணினேன். பாய் மறுபடி எண்ணினார். நாங்கள் அடித்தது முந்நூறு.

வராதது பதினொன்று.