விடுப்பும் விடுவிப்பும்

பசுமலையில் ஒரு கல்லூரி விடுதியில் எனக்குப் பகல் காவல் வேலை. வீடு பரவையில். என் மனைவிக்குப் புத்தி தடுமாறிப் போயிருந்தது. ஒருநாள் திண்டுக்கல் ரோட்டில் லாரிக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்கு வந்தேன். பூட்டும்போது கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "நான் என்னங்க செஞ்சேன்?" என்று கேட்பாள்.

வேலையை விட வேண்டும். சொல்லாமல் நின்றால் அனுபவச் சான்று தரமாட்டார்கள். அது இல்லாமல் வீட்டுப் பக்கம் வேறு வேலை கேட்க முடியாது. நேரில் பேச எனக்கு வராது. எழுதிக் கொடுத்தேன். விடுதி நிர்வாகியான அம்மா மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "இப்ப யாருக்கும் லீவு இல்லைங்க" என்று திருப்பித் தந்தார். நான் லீவு கேட்கவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

வீடு திரும்பும் வழியில் கோச்சடையில் ஒரு டைப் அடிக்கும் கடை. கோபத்தில் கீழே ஒரு வரி சேர்த்து, அடித்துத் தரச் சொல்லி நீட்டினேன். கடைக்காரப் பெண் படித்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணே, எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கிறீக?"

"ஏம்மா?"

"கடைசில 'தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவன்'னு போட்டிருக்கீகளே!"

எனக்குத் தெரிந்த ஒரே கடிதம் ஐந்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த காய்ச்சல் விடுப்புக் கடிதம்தான். நானும் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. கண் கலங்கியதை அவள் பார்த்துவிட்டாள். அப்புறம் சிரிக்கவில்லை. மெதுவாக விசாரித்தாள், பூட்டைப் பற்றி அவளிடம் சொன்னேன்.

"வாங்குறவுக பொம்பளையா? அப்ப 'ஐயா' கூடாது, 'அம்மையீர்'. 'விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்'னு எழுதினா லீவுன்னுதாண்ணே நினைப்பாக. 'பணியிலிருந்து விலகுகிறேன், விடுவிக்க வேண்டுகிறேன்'னு போடணும். எம்புட்டு நாள் முன்னாடி சொல்லணும்?"

"ஒரு மாசம்."

"சரி, மாசம் முடியிற தேதியவே கடைசி நாளாப் போடுறேன்."

அடியில் நான் சேர்த்த வரியில் அவள் விரல் நின்றது. 'வீட்டில் ஒரு உயிர் போனால்தான் உங்களுக்குக் காது கேட்குமா?'

"இது வேணாம்ணே."

"அது ஒண்ணுதாம்மா நானா எழுதுனது."

"தெரியுது. ஆனா இதப் படிச்சா கோவப்படுவாக, மத்தத எல்லாம் படிக்க மாட்டாக."

அந்த வரி இருந்த இடத்தில், மனைவியின் உடல்நிலை கருதி முன்னதாகவே விடுவித்தால் உதவியாக இருக்கும் என்று அடித்தாள். முடிவில் 'தங்கள் உண்மையுள்ள' என்று போட்டு, என்னிடம் வாசித்துக் காட்டினாள். யாரோ நிதானமான ஆள் எழுதியதுபோல இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் நிர்வாகி அம்மா அதை முழுதாகப் படித்தார். "நேத்து லீவுன்னுல்ல நினைச்சேன்? ஏன் சொல்லல நீங்க?"

கடிதத்தின் ஓரத்தில் ஏதோ எழுதினார்.

"மாசமெல்லாம் வேணாம். வெள்ளிக்கிழமையோட நின்னுக்கங்க. சான்று வாங்கிட்டுப் போங்க."

வெள்ளிக்கிழமை வரைக்கும் பூட்டினேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவளும் அதையே கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.