டிவியில பாருங்க, போன்ல வேணாம்

செகந்திராபாத்தில் சென்னை ரயில் ஏறுவதற்கு முன் என் மனைவி சொன்னது இவ்வளவுதான்: "டிவியில பாருங்க. போன்ல வேணாம்." ஏன் என்று நான் கேட்கவில்லை. தன் முகம் பெரிய திரையில் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறாள் என நானே முடிவு செய்துகொண்டேன். பெரிதாகத் தலையாட்டி, ஸ்டேஷனிலேயே சத்தியம் செய்யாத குறையாக வாக்கும் கொடுத்தேன்.

வெளிமாநிலத்திலும் வெளிநாட்டிலும் இருக்கும் தமிழ்ப் பெண்களுக்கு ஒரு சேனலில் சமையல் போட்டி. நேரடி ஒளிபரப்பு. கடைசிச் சுற்றுக்கு வந்த மூன்று பேரில் இவளும் ஒருத்தி. அந்தச் சுற்றில் ஒரு விளையாட்டு உண்டு. போட்டியாளர் ஒரு பொருளைக் கையில் தூக்கிக் காட்டுவார். தொகுப்பாளினி வீட்டுக்குப் போன் போட்டு, அது என்ன என்று கணவரிடம் கேட்பார். சரியாகச் சொன்னால் மதிப்பெண். முதல் பரிசு டேபிள் டாப் கிரைண்டர். எங்கள் வீட்டு கிரைண்டர் உளுந்தைப் பார்த்தாலே நின்றுவிடும் நிலைக்கு வந்திருந்ததால், அவள் இந்தப் போட்டிக்கு ஒரு மாதமாகத் தயாராகிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு மாதமாகச் சாப்பிட்டுத் தயாரானேன்.

அன்று காலை பேகம்பேட் ஆபீஸுக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு, மெட்ரோ பிடித்து உப்பலில் உள்ள வீட்டுக்குத் திரும்பி, டிவி முன்னால் உட்கார்வது என் திட்டம். மேலதிகாரிக்கும் ஒரு திட்டம் இருந்தது. வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து நாலு பேர் வருகிறார்கள், நீங்கள் இருக்க வேண்டும் என்றார். மறுத்துப் பேசும் தைரியத்தை ஆண்டவன் எனக்கு வீட்டுக்குள் மட்டும்தான் கொடுத்திருக்கிறான். அதுவும் அவள் ஊரில் இல்லாதபோது.

நிகழ்ச்சி நேரம் நெருங்க நெருங்க எனக்கு வியர்த்தது. வந்தவர்கள் டீ குடிக்கப் போன இடைவெளியில் பான்ட்ரிக்கு ஓடினேன். அங்கே எங்கள் செக்‌ஷனில் வேலை பார்க்கும் பெண் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். செகந்திராபாத் ரயில்வே காலனியிலேயே மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். ஏன் என்பதற்கு 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்று உருது கலந்துதான் பேசுவாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கைக்கு அண்ணா இவ்ளோ டென்ஷன்? யாராச்சும் ஆஸ்பத்திரியிலயா?" என்றாள்.

"என் சம்சாரம் டிவியில."

"அதுக்கா? டிஷ் கம்பெனி ஆப் இருக்குல்ல, போன்ல பாருங்க."

எனக்குத் தெரியாததில்லை. வீட்டில் பெட்டி அணைந்து கிடந்தாலும், ரீசார்ஜ் முடியாமல் இருந்தால் நம் சந்தாவில் உள்ள சேனல்கள் ஆப்பில் ஓடும். என் மனைவி புறநகர் ரயிலில் அப்படித்தான் சீரியல் பார்ப்பாள். ஆனால் என் போனில் பார்த்தால், தொகுப்பாளினி கூப்பிடும் நேரம் படம் நின்றுபோகும். இதை நானே யோசித்துக் கண்டுபிடித்தேன் என்பதை இங்கே பெருமையோடு பதிவு செய்கிறேன். அன்றைக்கு என் மூளை சரியாக வேலை செய்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தப் பெண்ணின் போனைக் கேட்டு வாங்கி, அதில் ஆப்பை இறக்கி, என் நம்பரைத் தட்டினேன். ஓடிபி என் போனுக்கு வந்தது. பதற்றத்தில் இரண்டு எண்களை மாற்றிப் போட்டேன். தவறு என்றது. மறுபடி தட்டினேன். மறுபடியும் தவறு.

"குடுங்கண்ணா, நக்கோ, நீங்க தொடாதீங்க," என்று என் கையைத் தள்ளிவிட்டு அவளே போட்டாள். ஆப் திறந்தது. தெலுங்கு சேனல்கள் வரிசையாக வந்தன. தமிழ் என்று தேர்வு செய்ததும் எங்கள் சேனல் மேலே வந்து நின்றது. தொட்டாள். ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, பிறகு என் மனைவி வந்தாள்.

பச்சைப் பட்டுப்புடவை. முன்னால் அடுப்பு. புளிச்சக்கீரை உருண்டைக் குழம்பு. நெற்றியில் வியர்வை இல்லை. இருவருக்கும் சேர்த்து நான் வியர்த்துக்கொண்டிருந்தேன். மீட்டிங் அறைக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று சத்தத்தை அடைத்தேன்.

"அம்மாவும் வீட்டுல டிவியில பார்க்கும். சொல்லிடறேன்," என்று அந்தப் பெண் என் போனை வாங்கித் தன் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுத் திருப்பித் தந்தாள். அவள் அம்மாவின் உற்சாகத்துக்கு அளவில்லை போல. இவள் காதை விட்டுப் போனைத் தள்ளிப் பிடித்துத்தான் பேசினாள்.

என் போன் அடித்தது. சென்னை நம்பர்.

"வணக்கம் சார், நேரலையில இருக்கீங்க. வீட்டுல எல்லாரும் பார்த்துக்கிட்டு இருக்கீங்களா?"

"பார்த்துக்கிட்டுதான் இருக்கோம்," என்றேன். பான்ட்ரியில் ஃபிரிட்ஜ் உறுமியது. மைக்ரோவேவ் கூவாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"மேடம் இப்ப கையில ஒண்ணு வச்சிருக்காங்க. என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்."

திரையைப் பார்த்தேன். அவள் கையில் கரண்டி இருந்தது. குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். இதையெல்லாமா கேள்வி என்று கேட்பார்கள்? எனக்காகவே சுலபமாக வைத்திருக்கிறார்கள் என்று மனம் குளிர்ந்தது.

"கரண்டி," என்றேன், தேர்வில் முதல் ஆளாக விடைத்தாளைக் கொடுப்பவனைப் போல.

அந்தப் பக்கம் சிரிப்பு. "சார், நல்லாப் பாருங்க."

நல்லாப் பார்த்தேன். கரண்டிதான். "எவர்சில்வர் கரண்டி," என்றேன். "நீளமான காம்பு."

"அச்சச்சோ. நன்றி சார்." போன் அணைந்தது.

அதற்குள் அந்தப் பெண்ணின் போனில் திரைக்கு மேலே அவள் அம்மாவின் செய்தி எட்டிப் பார்த்தது. அவள் படித்துச் சொன்னாள்: "புளிச்சக்கீரைக் கட்டைத் தூக்கிக் காட்டுதாம் அண்ணா, நம்ம அக்கா."

அவள் சொல்லி முடித்துச் சற்று நேரம் கழித்துத்தான் எங்கள் திரையில் என் மனைவி கரண்டியை வைத்துவிட்டு, புளிச்சக்கீரைக் கட்டை எடுத்துச் சிரித்துக்கொண்டே தூக்கினாள்.

"ஹவ் அண்ணா, ஆப்புல எப்பவும் லேட்டுதான். மேட்ச்ல பக்கத்து வீட்டுக்காரன் கத்தின பிறகுதானே நமக்கு விக்கெட் விழும்," என்றாள் அவள், எல்லாம் முடிந்த பிறகு.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. செய்த அசட்டுத்தனத்தை அரை நிமிடம் கழித்துத் திரையில் பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? நான் சத்தத்தைக் கூட்டினேன். என் குரல் வந்தது: "கரண்டி." கீரைக்கட்டைத் தூக்கிப் பிடித்தபடி என் மனைவி கேமராவைப் பார்த்தாள். "எவர்சில்வர் கரண்டி," என்றது என் குரல். அவள் கீரையைப் பார்த்தாள், கீழே வைத்த கரண்டியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் புருவம் எப்போது ஏறும் என்று எனக்குத் தெரியும்.

"என்ன மேடம், சாருக்குக் கண்ணாடி போடணுமா?" என்று கேட்டாள் தொகுப்பாளினி.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. வீட்டுலதான் இல்ல," என்றாள் என் மனைவி. "போன்ல பார்க்கிறார்."

கிரைண்டர் துபாய்க்காரப் பெண்மணிக்குப் போனது. குழம்புக்கு நடுவர்கள் கொடுத்த மதிப்பெண்ணில் இவள்தான் முன்னால் இருந்தாளாம். என்னுடைய ஒற்றைக் கரண்டி அவளை இரண்டாவது இடத்துக்குக் கிண்டித் தள்ளியது. இரண்டாம் பரிசு ஒரு ஹாட்பாக்ஸ்.

ரயிலடியில் அதை என் கையில் கொடுத்தாள். திட்டவில்லை. ஆட்டோவில் ஏறிய பிறகு, "ஏன் போன்ல வேணாம்னு சொன்னேன்னு கேட்டிருக்கலாம்ல," என்றாள்.

"நீ பெரிசாத் தெரியணும்னு ஆசைப்படறதா நினைச்சேன்."

அவள் சிரித்துவிட்டாள். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து என் மதியச் சாப்பாடு அந்த ஹாட்பாக்ஸில்தான் போகிறது. குடும்பத்துக்கே போதும் அளவு உள்ள, சிவப்புப் பூப் போட்ட ஹாட்பாக்ஸ். மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு போகிறேன். சின்ன டிபன் பாக்ஸ் கேட்டதற்கு, "லேட்டா வர்றவங்களுக்கு இதான் சரி, சூடு ஆறாது," என்றாள். இட்லி மட்டும் அதில் வருவதில்லை. உளுந்து அரைக்கிற கிரைண்டர் வீட்டில் இல்லை.