நங்கூரத்தில் கிடந்த மாதங்கள்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதனால்தான் அன்று என் மனைவியும் கூட வந்தாள். "நீங்க வாயத் திறந்தா வேலை போயிரும், நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்" என்று சொல்லித்தான் நாவலப்பிட்டியில் பஸ் ஏறினாள். கடைசியில் யார் வாயைத் திறந்தார்கள் என்பதைச் சொல்கிறேன்.

நான் கப்பல் எஞ்ஜினியர். சரக்குக் கப்பல்களில் நாலாவது எஞ்ஜினியராக ஏறி, மூன்றாவதாகி, பரீட்சை எழுதி, இரண்டாவது எஞ்ஜினியருக்கான லைசன்ஸ் வாங்கியவன். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் கப்பலுக்குப் போனவர்கள் அபூர்வம். கடலையே பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்த ஆட்கள் நாங்கள். அதனால் அந்த லைசன்ஸ் வந்த அன்று கெலிஓயாவில் இருக்கும் என் அக்கா வீடு வரைக்கும் இனிப்பு போனது.

கண்டியில், ஆளெடுக்கும் கம்பெனி ஒன்றின் கிளை ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. அங்கிருக்கும் ஏஜெண்ட் ஐம்பது தாண்டியவர், நல்ல மனுஷர்தான், ஆனால் எதற்கும் பயப்படுகிறவர். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இரண்டாவது எஞ்ஜினியர் தேடுகிறது என்று அவர்தான் கூப்பிட்டிருந்தார். நான் போவதற்கு முன்பே என் விவரங்களைத் திரையில் ஏற்றி வைத்திருந்தார். முதலில் லைசன்ஸ், எந்த வகுப்பு, எப்போது காலாவதி. அப்புறம் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு வரி: என்ன வகைக் கப்பல், எவ்வளவு டன், எஞ்ஜின் என்ன மாடல், எத்தனை கிலோவாட், என்ன பதவி, ஏறிய தேதி, இறங்கிய தேதி, இறங்கிய காரணம். வெளிநாட்டில் இருப்பவன் நம்மைப் பார்ப்பதில்லை. இந்த வரிகளைத்தான் பார்க்கிறான். ஒரு ஆளின் ஆயுசையே அரைப் பக்கத்தில் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவான்.

நான் பார்த்தேன். என் கடைசிக் கப்பலைக் காணோம். அந்த இடத்தில், "சொந்தக் காரணம், வீட்டில் இருந்தார்" என்று இருந்தது.

அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் முதல்முறையாக இரண்டாவது எஞ்ஜினியராக ஏறியது அதில்தான். மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டோம். முதலாளி சம்பளத்தை நிறுத்தினான். அப்புறம் டீசலை நிறுத்தினான். அப்புறம் டெலிபோனை எடுப்பதையே நிறுத்திவிட்டான். கடன்காரர்கள் வழக்குப் போட, கோர்ட்டு கப்பலைப் பிடித்து வைத்தது. பெரிய எஞ்ஜின் குளிர்ந்து கிடந்தது. ஒரே ஒரு ஜெனரேட்டரை, அதுவும் நாளுக்குச் சில மணி நேரம், உயிரோடு வைத்திருந்தோம். மீதி நேரம் இருட்டும் புழுக்கமும்தான். கரையிலிருந்து யாரோ புண்ணியவான்கள் அனுப்பிய அரிசியும் பருப்பும் சாப்பிட்டோம்.

சம்பளம் கேட்டு ஒரு முறைப்பாடு எழுதினோம். முதல் கையெழுத்து என்னுடையது. மற்றவர்கள் தயங்கினார்கள், எனக்குத் தயக்கம் வரவில்லை. சில ஆட்களைப் பாதியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். என்னை விடவில்லை. ஆள் இல்லாமல் கப்பலை விட முடியாது, லைசன்ஸ் உள்ள எஞ்ஜினியர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும், மாற்று ஆள் வந்தால்தான் போகலாம் என்றது துறைமுகம். சம்பளமில்லாத கப்பலுக்கு மாற்று ஆள் எந்த மடையன் வருவான்? லைசன்ஸ் இருந்ததாலேயே மாட்டிக்கொண்டேன். கோர்ட்டு கப்பலை விற்ற பிறகுதான் இறங்கினேன். ஏறி ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

இதையெல்லாம் ஏஜெண்டும் அறிவார். "தம்பி, கோவிக்காம கேளுங்க" என்றார். "முதலாளி கைவிட்ட கப்பல்னு போட்டா, அடுத்த கேள்வி நீங்க முறைப்பாடு பண்ணினீங்களான்னு வரும். பண்ணின ஆள எவன் எடுப்பான்? வீட்ல இருந்தீங்கன்னு போட்டா பிரச்சினையே இல்ல. புத்தகத்த ஸ்கேன் பண்ணி அனுப்பும்போது அந்த ஒரு பக்கத்த விட்டுருவோம்."

புத்தகம் என்றால் எங்கள் கடற்பணிப் புத்தகம். கப்பலில் ஏறியதும் இறங்கியதும் முத்திரையோடு அதில்தான் இருக்கும். நான் பதில் சொல்ல மூச்சை இழுத்தேன். அதற்குள் பக்கத்துக் கதிரையிலிருந்து குரல் வந்தது.

"வீட்ல இருந்தாரா?" என்றாள் என் மனைவி. "எந்த வீட்ல ஐயா இருந்தாரு? எங்க வீட்ல இல்லயே!"

ஏஜெண்ட் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"அந்த மாசமெல்லாம் நான் மருந்துக் கடையில லீவு போட்டுட்டு, இவர இறக்கித் தாங்கன்னு கொழும்புக்கு மனுவத் தூக்கிட்டு அலைஞ்சேன். ஒரு கவர்மெண்ட் கந்தோர்ல என்ன சொன்னாங்க தெரியுமா? நீங்க கப்பல் ஆள் இல்ல, உங்க கையெழுத்து செல்லாதுன்னு. சரி, என் கையெழுத்துதான் செல்லாது. இப்ப இவரு அங்க இருந்ததும் செல்லாதா? அப்ப நான் யாருக்காகய்யா அழுதேன்?"

மனு கொண்டுபோனதை என்னிடம் அவள் சொல்லியிருந்தாள். அந்தக் கந்தோரில் இப்படிச் சொன்னதைச் சொல்லவேயில்லை.

ஏஜெண்ட் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பால் இல்லாத பிளேன்டி வரவழைத்தார். பிறகு வேறு வழி சொன்னார். உண்மையைச் சொன்னால், இதுதான் என்னை ஆட்டிவிட்டது. "சரி, போடத்தான் வேணும்னா முழுசாப் போடுவோம். ஏறின தேதி, இறங்கின தேதி. காரணம், ஒப்பந்தம் முடிந்தது. நடுவுல கப்பல் ஓடிச்சா கிடந்துச்சான்னு இந்தக் கட்டத்துல யாரும் கேக்கிறதில்ல. லைசன்ஸ வச்சே பேசிப் பாக்கலாம்னு இருந்தேன். ஆனா இந்தக் கம்பெனி இரண்டாவது எஞ்ஜினியரா ஒரு வருஷம் கேக்குது. உங்களுக்குக் கணக்கு அழகா வந்துரும்."

அழகாகத்தான் வரும். அந்தக் கப்பலை எடுத்துவிட்டால் நான் ஒருநாளும் இரண்டாவது எஞ்ஜினியராக இருந்ததில்லை. முழுசாகப் போட்டால் நினைத்த பதவி கைக்கு வருகிறது. முத்திரையும் தேதிகளும் உண்மையானவை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

பஸ்ஸில் கம்பளை தாண்டும்வரை அதே யோசனை. அந்த வரியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். யாரோ ஒரு தலைமை எஞ்ஜினியர் அதைப் படித்து, ஒரு வருஷம் ஓட்டிய ஆள் என்று நம்பி, நடுக்கடலில் எஞ்ஜினை என் கையில் விட்டுவிட்டுத் தூங்கப் போவான். நான் ஓட்டியதோ மூன்று மாதம். என்னைக் கைவிட்ட முதலாளியும் காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் வைத்திருந்தான். சீ, அவன் வேலையை நான் செய்வதா என்று கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்து நானே எழுதினேன். அந்தக் கப்பலுக்கு ஒரு வரி இல்லை, இரண்டு வரி போட்டேன். முதல் வரி: இரண்டாவது எஞ்ஜினியர், கப்பல் ஓட்டத்தில், மூன்று மாதம். இரண்டாவது வரி: அதே பதவி, நங்கூரத்தில், பெரிய எஞ்ஜின் நிறுத்தம், ஜெனரேட்டர் மட்டும். அதற்கு நங்கூரம் போட்ட தேதியும் இறங்கிய தேதியும். இறங்கிய காரணம் என்ற கட்டத்தில், "முதலாளி கப்பலைக் கைவிட்டார், கோர்ட்டு விற்றது" என்று எழுதினேன். கட்டம் சின்னது, எழுத்தைச் சுருக்கித்தான் அடக்க வேண்டியிருந்தது. புத்தகத்தின் அந்தப் பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி ஏஜெண்டுக்கு அனுப்பினேன்.

உடனே போன் வந்தது. "தம்பி, உங்க தலையில நீங்களே மண் அள்ளிப் போடுறீங்க."

"என் தலைதானே? போட்டுக்கிறேன். ஒரு எழுத்தும் மாத்தாம அனுப்புங்க" என்றேன்.

பயப்படுகிற மனுஷர்தான், ஆனால் மாற்றாமல் அனுப்பினார். அதை நான் மறக்க மாட்டேன்.

அடுத்த வாரம் வீடியோவில் பேட்டி. குசினி மேசையில் லேப்டாப். எதிர்ப்பக்கம், கமெராவில் விழாத இடத்தில், என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் நன்றாகவே விளங்கும். திரையில் வந்தவர் கம்பெனியின் கப்பல்களுக்குப் பொறுப்பான மூத்த எஞ்ஜினியர், நரைத்த தாடி. ஜெனரேட்டரைப் பற்றிக் கேட்டார், எரிபொருளைச் சுத்தம் பண்ணுவதைப் பற்றிக் கேட்டார், எல்லாவற்றுக்கும் சொன்னேன். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்தக் கப்பலில் முறைப்பாடு செய்தவர்களில் நீங்களும் ஒருவரா?" என்றார்.

"முதல் கையெழுத்து என்னுடையது, சேர்."

"நாங்கள் சம்பளம் தாமதித்தாலும் கையெழுத்துப் போடுவீர்களா?"

வெங்காயம் உரிக்கும் சத்தம் நின்றது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் வாயில் அது வரவேயில்லை.

"ஒரு மாதம் பொறுப்பேன், சேர். இரண்டாவது மாதம் கட்டாயம் போடுவேன்."

அவர் எதையோ எழுதினார். சிரித்தாரா முறைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "இரண்டாவது எஞ்ஜினியர் பதவி உங்களுக்குத் தர முடியாது" என்றார். "நீங்கள் எழுதிய கணக்குப்படியே ஓட்டம் மூன்று மாதம்தான். மூன்றாவது எஞ்ஜினியராக வருகிறீர்களா? ஒரு ஒப்பந்தம் முடித்தபின் பதவி உயர்வைப் பார்க்கலாம்." நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

திரை அணைந்ததும் ஏஜெண்டுக்குச் சொன்னேன். "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேனே" என்றார். கிடந்ததை ஓடியது என்று போட்டிருந்தால் பதவி கிடைத்திருக்கும், அவர் சொன்னது சரிதான். எனக்கு வருத்தம்தான். அதை மறைக்க மாட்டேன். பரீட்சை எழுதி வாங்கிய லைசன்ஸை அலுமாரியில் வைத்துவிட்டு ஒரு படி கீழே இறங்கிப் போவது லேசான காரியமில்லை. ஆனால் அந்தக் கப்பல் என் காகிதத்தில் இருந்தது. எல்லாம் தெரிந்துதான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

என் மனைவி கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"மூணாவதுன்னா வேலை ஒண்ணும் குறைச்சல் இல்லயே?"

"இல்ல. பதவிதான் குறைச்சல்."

"சம்பளம் ஒழுங்கா வருமா?"

"வரும்னுதான் சொல்றாங்க."

"அப்ப போயிட்டு வாங்க." கொஞ்சம் யோசித்தாள். "வரலன்னா?"

"வேற என்ன, முதல் கையெழுத்து நான்தான்."

"ரெண்டாவது கையெழுத்து என்னோடது" என்றாள். "செல்லாதுன்னு சொல்லட்டும், பாத்துக்கிறேன்."