லிங்கிக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

என் கணவருக்கு உரக் கம்பெனியில் சேல்ஸ் வேலை. மூன்று மாதம் வேலை பார்த்துக் காட்டினால்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றாவது மாதக் கடைசியில் பயணச் செலவுக்கான க்ளெய்ம் மின்னஞ்சலை எழுதிவிட்டு, மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்தார். சிரம்பானுக்கு வெளியே ஓர் எஸ்டேட் ஆபீஸில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. இங்கிலீஷ் கடிதம் எழுதுவதே என் பிழைப்பு. அதனால் அவர் எழுதுவதெல்லாம் என் கையால் ஒரு அடி வாங்காமல் வெளியே போகாது.

“சீக்கிரம் பாரு மா. இன்னைக்கே அனுப்பணும்.”

தேதி, போன இடம், போன காரணம், கிலோமீட்டர், டோல், சாப்பாடு என்று வரிசையாகக் கட்டம் போட்டிருந்தார். பெடாஸ் சரி. திங்கட்கிழமை கோலா பிலா, அதுவும் சரி. அதே திங்கட்கிழமைக்கு நேராக லிங்கி என்று இன்னொரு வரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“லிங்கிக்கு ஞாயித்துக்கிழமைதானே போனோம்? நானும்தானே கார்ல இருந்தேன்!”

அன்று அங்கே எஸ்டேட் கோயில் திருவிழா. புதுப் புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். அந்தப் பக்கத்துச் சிறுதோட்டக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். நான் பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டிருக்க, இவர் இலைக்கு இலை உட்கார்ந்து உரம் பேசினார். ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்க ஒரு வாரம் அலைய வேண்டியவர்களை ஒரே பந்தியில் பிடித்துவிட்ட மகிழ்ச்சி அவருக்கு. கை கழுவிய ஈரம் காய்வதற்குள் ஆர்டர் பாரத்தில் கையெழுத்து வாங்கினார். இதற்கு மேல் என்ன வேலை வேண்டும்?

“ஞாயிறுன்னு போட்டா பெண்டாட்டிய கூட்டிட்டு ஜாலியா சுத்தினேன்னு நெனச்சுக்குவாங்க லா. எனக்கு முன்னாடி இருந்தவர எதுக்கு வேலைய விட்டு அனுப்பினாங்க? போகாத ஊருக்கு க்ளெய்ம் பண்ணினதுக்குத்தானே?”

பயம் நியாயமானது. அதற்காக இப்படியா? டோல் கார்டின் பட்டியலை இணைப்பாகப் போட்டிருந்தார். அதில் அந்தப் பயணம் ஞாயிறு என்றே இருந்தது. ஆர்டர் பாரத்திலும் ஞாயிறு. மின்னஞ்சலில் மட்டும் திங்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“பொய்யும் சொல்லிட்டு, அதுக்குச் சாட்சியையும் நீங்களே இணைச்சு அனுப்புவீங்களா? போகாத ஊருன்னு அவங்க நெனைக்க வேற என்ன வேணும்?”

மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது. பாவமாக இருந்தது, ஆனாலும் நான் விடவில்லை. லிங்கி வரியின் கடைசிக் கட்டத்தில் மதியச் சாப்பாட்டுப் படியும் இருந்தது.

“சாமி போட்ட சோத்துக்கு கம்பெனி காசா?”

“ஐயோ, எல்லா வரியிலயும் போட்டேன், இதுலயும் விழுந்திருச்சு” என்று அவரே அதை அழித்தார். அழித்தவர் கீழே இருந்த மொத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டார். அதைக் கூட்டிப் பார்த்து நான் திருத்தினேன்.

பிறகு ஞாயிறு என்று மாற்றி, காரணத்தையும் உள்ளபடி எழுத வைத்தேன். எஸ்டேட் கோயில் திருவிழா, வாடிக்கையாளர்கள் ஒரே இடத்தில் கூடியிருந்தார்கள், ஆர்டர் பாரங்கள் இணைப்பில் உள்ளன, மனைவியும் உடன் வந்தார், சாப்பாட்டுக்கு க்ளெய்ம் இல்லை. ‘மனைவியும்’ வேண்டாம் என்று கெஞ்சினார். இருக்கட்டும் என்றேன். அனுப்பும் பொத்தானை அமுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் மாலை மேனேஜர் கூப்பிட்டார். அவரும் தமிழர்தான். இவர் போனை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் உட்காரச் சொல்லி என்னை இழுத்தார்.

“லிங்கி க்ளெய்ம் பாத்தேன். ஞாயித்துக்கிழமை போறதா இருந்தா முன்னாடியே ஒரு மெசேஜ் போடணும், தெரியுமா?”

“சாரி சார். என் வீட்டுக்காரங்கதான் தேதிய மாத்தச் சொன்னாங்க சார்.”

எனக்கு உயிரே போய்விட்டது. தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன்.

“மாத்தச் சொன்னாங்களா? எந்தத் தேதிய?” குரல் இறுகியது.

“நான் பயந்துட்டு திங்கள்னு போட்டிருந்தேன் சார். உண்மையா ஞாயிறுன்னே போடுங்கன்னாங்க.”

என் கை இவர் கையை எப்போது பிடித்தது என்று தெரியாது. இத்தனை அப்பாவியைக் கட்டிக்கொண்டோமே என்று நொந்துகொண்டேன். அதே சமயம், இவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்றும் அப்போது தெரிந்தது.

போனில் மேனேஜர் வெடித்துச் சிரித்தார்.

“சரி, அப்ரூவ் பண்ணிட்டேன். அடுத்த மாச க்ளெய்மையும் அவங்ககிட்ட காட்டிட்டே அனுப்புங்க.”

போனை வைத்த பிறகும் இவர், “திட்டிட்டாரா, இல்லையா?” என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அடுத்த மாசம்னாருங்க!” என்று கத்தினேன். “உங்களுக்கு அடுத்த மாசமும் வேலை இருக்கு!”