ஒரே கல் இரண்டு இடத்தில்

கோவளம் கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜஹனாராவின் கையில் பட்ட எந்தப் படத்திலும் அசிங்கம் தங்காது. பல்லிடுக்குக் கறை, பின்னால் நிற்கும் குப்பைத்தொட்டி, மாப்பிள்ளையின் முகப்பரு எல்லாம் போய்விடும். இருபது வருஷமாக அதுதான் அவள் பிழைப்பு. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

திருவிடந்தை தாமோதரன் மகள் சஹானா, நாவலூரில் வேலை கிடைத்த மூன்றாவது மாதமே சிவப்பு ஸ்கூட்டர் வாங்கினாள். தெருமுனையில் பூஜை போட்டபோது ஜஹனாராதான் கேமராவோடு போனாள். படம் அருமையாக வந்திருந்தது. ஆனால் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மழைத்தண்ணீர் நின்ற ஒரு பெரிய பள்ளமும் வந்திருந்தது.

“இன்னாம்மா இது, நல்ல நாளும் அதுவுமா பள்ளம் பல்ல இளிச்சிகினு கீது. எடுத்துடேன்” என்றார் தாமோதரன்.

எடுத்தாள். தண்ணீரில் தெரிந்த வானத்தையும் வண்டியின் சிவப்பையும் முதலில் துடைத்தாள். பிறகு நல்ல தார் இருக்கும் இடத்தைப் பிரதி எடுத்துப் பள்ளத்தின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசினாள். தூரத்துத் தாரை எடுத்தால் ஜல்லி பொடியாகத் தெரிந்து காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், கேமராவிலிருந்து அதே தொலைவில் இருந்த தாரையே எடுத்தாள். சக்கரத்தின் நிழல் பள்ளத்தின் விளிம்பில் மடங்கி விழுந்திருந்தது; அதைத் தரையோடு நேராக்கினாள். கல்யாண சீசன் அவசரத்தில் பழைய படத்தின் மேலேயே சேமித்துவிட்டு, கேமரா கார்டையும் அழித்துவிட்டாள்.

நாற்பதாம் நாள், மழையில் வீடு திரும்பிய சஹானா அதே பள்ளத்தில் விழுந்து இறந்துபோனாள்.

மறுநாளே லாரி வந்து தார் கொட்டி மூடிவிட்டுப் போனது. பள்ளத்தை மூடச் சொல்லி சஹானா உயிரோடு இருந்தபோது கேட்டும் வராத லாரி அது. ஸ்டேஷனில் ‘அஜாக்கிரதையாக ஓட்டியதால்’ என்று எழுதினார்கள். பள்ளம் இருந்தது என்று தாமோதரன் கத்தியதற்கு, வீட்டுக்கு விசாரிக்க வந்த எஸ்.ஐ. தீனதயாளன் சுவரில் மாலை போட்டிருந்த படத்தைக் காட்டினார். “இதே இடந்தானே பெரியவரே? ரோடு நல்லாத்தானே கீது.”

தாமோதரன் நேராக ஸ்டூடியோவுக்கு வந்தார். “பழைய படத்த குடும்மா. என் பொண்ணு பேர்ல அந்த வார்த்த இருக்கக்கூடாது.”

ஜஹனாரா கம்ப்யூட்டரில் எல்லா இடத்திலும் தேடினாள். இல்லை என்று தெரிந்தேதான் தேடினாள்.

“எடுக்கத் தெரிஞ்ச கை தானே? திரும்ப வச்சுடேன்.”

வைக்க முடியும். அந்தப் பள்ளத்தின் ஒவ்வொரு ஓரமும் அவளுக்கு மனப்பாடம். யாராலும் கண்டுபிடிக்க முடியாதபடி வரைந்துவிடுவாள். “வேணாண்ணே. அது பொய்யின்னு தெரிஞ்சா நெசமும் பொய்யாப் பூடும்” என்றாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். அவளுக்கு அந்த நேரம் தன் கையையே பிடிக்கவில்லை.

அவர் அழுதுகொண்டிருக்க, அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முனை உடைந்த ஒரு வெள்ளைக் கல். ஒரு ஜாண் தள்ளி அதே கல், அதே உடைந்த முனை. பூசும்போது ஒரே கல் இரண்டு தரம் வந்துவிடக் கூடாது என்பது இந்தத் தொழிலின் பால பாடம். இருபது வருஷத்தில் அதில் அவள் தவறியதில்லை. அன்றைக்குத் தவறியிருந்தாள்.

இருவரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

“ஒரே கல்லு ரெண்டு எடத்துல இருக்குமா சார்? இது நான் பூசுனது. இதோ இந்த அளவுக்குப் பள்ளம் இருந்துச்சு. என் கையாலதான் அழிச்சேன், எழுதிக்குங்க.”

தீனதயாளன் இரண்டு கற்களையும் வெகுநேரம் பார்த்தார். “ஆழம் எவ்ளோம்மா?”

“தெரியாது சார். தண்ணி நின்னுகினு இருந்துச்சு. அடி தெரியல.”

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். சஹானாவுக்கும் அன்று தெரிந்தது அவ்வளவுதான்.

வாக்குமூலத்தை எழுதி வாங்கிக்கொண்டார். அந்த வார்த்தையை எடுப்பது தன் கையில் இல்லை, மேலே அனுப்புகிறேன் என்றார். என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

வெளியே வந்ததும் தாமோதரன் கேட்டார். “பள்ளம் இருந்த எடத்துல செவப்பா ஒரு வட்டம் போட்டு, வேற பிரிண்ட் குடும்மா. வூட்ல அதத்தான் மாட்டணும்.”

இப்போது அந்த வீட்டுச் சுவரில் சஹானா புது வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அவள் காலடியில் ஒரு சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் வழவழவென்று நல்ல ரோடு.