காலை லிஸ்டில் வராத பெயர்கள்

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த அந்த அக்கா கவுண்டரில் கத்தத் தொடங்கியபோது நான் உள்ளே என் மேசையில் இருந்தேன். வெள்ளவத்தையில் ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தின் கணினி வேலைகளைப் பார்ப்பவள் நான்.

"நெஞ்சில கட்டியெண்டு சோதிக்கத் தசை எடுத்து ஏழு கிழமை. வந்தாக் கூப்பிடுறம் எண்டு நாலு தரம் சொல்லிப்போட்டீங்கள். எனக்கு நித்திரை இல்லை, விளங்குதா?"

மனேஜர் வந்தார். "லேட் ஆனா எங்கட காலமை லிஸ்டில வந்திருக்கும், அம்மா. உங்கட பேர் அதில இல்லை."

வெளி ஆய்வகத்துக்கு அனுப்பி, இரண்டு கிழமைக்குள் முடிவு வராத பரிசோதனைகளை ஒவ்வொரு காலையும் கணினி தானாகத் தேடிப் பட்டியலிடும். அதைப் பார்த்துத்தான் கவுண்டர்காரர்கள் ஆய்வகத்துக்குப் போன் பண்ணுவார்கள். அண்மைக்காலமாக அந்தப் பட்டியல் சிறுத்திருந்தது. நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

அக்காவின் ரசீது இலக்கத்தை வாங்கி, பட்டியலை விட்டுவிட்டு மூலத் தரவிலேயே தேடினேன். பரிசோதனை அங்கே இருந்தது. 'பெண்டிங்' என்றும் இருந்தது. பக்கத்தில் இன்னொரு அடையாளம்: 'ஆர்க்கைவ்'.

அது என் வேலை. ஆறு கிழமைக்கு முன், இரண்டு தரம் பதியப்பட்ட நோயாளிகளின் பழைய பதிவுகளை ஆர்க்கைவ் செய்து ஒதுக்கினேன். ஒரு பதிவை ஒதுக்கினால் அதன் கீழுள்ள பரிசோதனைகளும் சேர்ந்தே ஒதுங்கும். காலைத் தேடல் ஒதுக்கியவற்றைத் திரும்பியும் பார்க்காது. கவுண்டரில் பெயரைத் தட்டினால் புதிய பதிவுதான் வரும். அதன் கீழ் ஒன்றும் இல்லை.

அப்படி மறைந்து கிடந்தவை பதினொன்று.

அக்காவின் பரிசோதனையைக் கேட்டு ஆய்வகத்துக்கு நானே போன் பண்ணினேன். "அது முடிஞ்சு ஒரு மாசம், மிஸ். ரிப்போட் இங்கதான் கிடக்கு. ஒருத்தரும் கேக்கேல்லையே," என்றார்கள்.

முடிவு புற்றுநோய்.

பின்னேரம் மனேஜர் அக்காவுக்கு அனுப்ப மன்னிப்புக் கடிதம் ஒன்றை நீட்டினார். 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதியிருந்தார்.

"கோளாறு இல்லை, சேர். அந்தப் பதிவுகளுக்குக் கீழ என்ன கிடக்கெண்டு பாக்க ரெண்டு நாள் கேட்டனான். பழசுதானே, மறைச்சு விடும் எண்டு சொன்னது நீங்கள். மறைச்சது நான்."

"சத்தம் போடாதேயும்."

"போடுவன்."

கடிதத்தை நானே திருப்பி எழுதினேன், நடந்ததை நடந்தபடி. அவர் கையெழுத்து வைக்கும்வரை மேசையை விட்டு நகரவில்லை. பிறகு அந்தப் பதினொன்றையும் சரியான பதிவுகளுக்கு மாற்றினேன். முடிவு வராத பரிசோதனை இருந்தால் எந்தப் பதிவையும் ஒதுக்க முடியாதபடி பூட்டினேன். ஒதுக்கியவற்றையும் காலைத் தேடலுக்குள் கொண்டுவந்தேன். எல்லாம் அரைநாள் வேலை. அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது.

அக்காவுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. இன்னும் வேளைக்குச் செய்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னாராம். மருந்து ஏற்றும் காலத்தில், தலையில் துணி கட்டிக்கொண்டு, இரத்தப் பரிசோதனைக்கு எங்களிடமே வந்தார். நான் போய்க் கதைத்தேன்.

"உம்மட கடிதம் வாசிச்சனான்," என்றார். கையை ஊசிக்கு நீட்டிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.