எட்டாவது நட்டு

பர்னிச்சர் கடையில் அவருக்கு ‘எண்ணிப்பார்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. கடையில் விற்ற பொருள் வாடிக்கையாளர் வீட்டுக்குப் பெட்டியாகப் போகும், இவர் பின்னாலேயே போய் அதை அலமாரியாகவோ மேசையாகவோ பூட்டிக் கொடுப்பார். மற்ற ஃபிட்டர்கள் பெட்டியைக் கிழித்ததும் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பார்கள். இவர் மூக்குக் கண்ணாடியைத்தான் எடுப்பார்.

அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரிப்பார். பலகைகளை அதன்மேல் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒட்டியிருக்கும் எழுத்தை மேனுவலின் பார்ட்ஸ் லிஸ்டோடு ஒத்துப் பார்ப்பார். போல்ட்டுகளை எண்ணினால் மட்டும் போதாது என்பார். மேனுவலில் அச்சடித்திருக்கும் நிஜ அளவுப் படத்தின்மேல் ஒவ்வொன்றையும் படுக்க வைத்து நீளம் பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால்தான் முதல் போல்ட் உள்ளே போகும். பாதி பூட்டிய பிறகு ஒன்று குறைகிறது என்று சொன்னால் கம்பெனிக்காரன் ஃபிட்டர் தொலைத்தான் என்பான், வீட்டுக்காரர் ஃபிட்டர் திருடினான் என்பார், இரண்டு பேருக்கும் நடுவில் மத்தளம்போல் இரண்டு பக்கமும் அடி வாங்குவது யார்? அவர் கேட்பது நியாயம்தான்.

ஆனால் தொழில் புத்தி தொழிலோடு நிற்க வேண்டும். இந்த மனிதருக்கு அது வீட்டுக்குள்ளும் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. மருந்துக்கடைப் பையை அவிழ்த்து மாத்திரையை எண்ணுவார். சலவைக்குப் போன சட்டையின் பித்தானை எண்ணுவார். கல்யாண போட்டோவில்கூடத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தவர் என்று மனைவி சொல்வார், அது பொய்யாக இருக்க வாய்ப்பில்லை.

மகள் ஒரு செல்போன் கடை விற்பனையாளரைக் கட்டிக்கொண்டபோது அவருடைய சந்தேகத்துக்கு நிரந்தர வேலை கிடைத்தது. வாயை வைத்துப் பிழைக்கிறவன் எதை வேண்டுமானாலும் புதுசு என்று விற்பான் என்பது அவர் தீர்மானம். மகள் வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்த அன்று அதன் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ‘இது ஏற்கெனவே ஓடினதாட்டம் இருக்கே’ என்றார், அதுவும் மாப்பிள்ளையின் நண்பர்கள் முன்னிலையில். மகள்தான் வாசல்வரை வந்து சொன்னாள், இன்னொரு தடவை அவரைத் திருடனைப்போலப் பார்த்தால் இந்தப் படியேற வேண்டாம், பிள்ளை பிறந்தாலும் வர வேண்டாம் என்று. அவள் அப்பாவின் மகள். சொன்னால் சொன்னதுதான்.

அப்புறம் பல மாதம் அழைப்பே இல்லை. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையே போன் செய்து, குழந்தைக்குக் கட்டில் வாங்கியிருக்கிறோம், நீங்கள் வந்துதான் பூட்ட வேண்டும் மாமா என்று சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி கிளம்பும்போதே எச்சரித்து அனுப்பினார். கையை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள், வாயை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள் என்றார். அவரும் தலையை ஆட்டினார்.

நிறைமாத மகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி சுவரோரம் சாய்ந்திருந்தது. அவர் குனிந்து டேப்பைப் பார்த்தார். பழைய டேப்பின்மேல் இன்னொரு டேப் ஓடியது, அதுவும் கொஞ்சம் கோணலாக. கம்பெனி மிஷின் கோணலாக ஒட்டாது. திரும்பி மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமனார் வாயைத் திறக்கவில்லை, நல்ல மனிதர், பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியைப் பிரித்தார்.

தலைமாட்டுப் பலகை, கால்மாட்டுப் பலகை, பக்கத்துக் கம்பித் தடுப்புகள் இரண்டு, மெத்தை தாங்கும் சட்டம். எழுத்துகள் சரியாக இருந்தன. தடுப்பின் ஒவ்வொரு மரக்கம்பியையும் விரலால் தடவி விரிசல் உண்டா என்று பார்த்தார். பிறகு சில்லறைச் சாமான் பையை எடுத்தார். பையின் ஓரம் பிளேடால் கீறி, மறுபடி ஒட்டப்பட்டிருந்தது.

நீளமான போல்ட் எட்டு. அவற்றைத் திருகும் ஆலன் கீ ஒன்று. பலகைகளை இணைக்கும் மர முளைகள் சரி. போல்ட்டின் முனையைப் பிடித்துக்கொள்ள மரத்துக்குள் பக்கவாட்டில் செருகும் உருளை நட்டு, அதுவும் எட்டு. லிஸ்டிலும் எட்டுதான். கணக்கு இடிக்கவில்லை. ஆனால் ஏழு நட்டு மங்கலாக இருந்தது, ஒன்று மட்டும் பளபளத்தது. எண்ணிக்கை சரியாக இருந்தும் மனிதருக்கு நிம்மதி வரவில்லை. யாரோ பூட்டிப் பார்த்து, ஒன்றைத் தொலைத்து, கடையில் திருப்பிக் கொடுத்த சரக்கு. அதைத்தான் இவன் புதுசு என்று என் பேரப்பிள்ளைக்கு வாங்கியிருக்கிறான். இப்படித்தான் மனசு ஓடியது.

பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் துளைகளைப் பார்த்தார். விளிம்பு கூர்மையாக இருந்தது, போல்ட்டின் திருகு மரை ஏறிய தடம் எதுவும் இல்லை. போல்ட் மரையிலும் மரத்தூள் ஒட்டவில்லை. ஒரு தடவையாவது பூட்டிய கட்டிலாக இருந்தால் இரண்டில் ஒன்று காட்டிக்கொடுத்திருக்கும். இது அவருக்கு நன்றாகத் தெரியும், நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர்தான். வேறு யார் வீடாக இருந்தாலும் இது பூட்டாத சரக்கு என்று கையெழுத்தே போட்டிருப்பார். கண் பார்த்ததை அன்று மனசு ஏற்கவில்லை.

“மாப்பிள்ளை, இதை எங்கே வாங்கினீங்க? உண்மையைச் சொல்லுங்க. யாரோ திருப்பிக் கொடுத்ததுதானே இது?”

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

“இல்ல மாமா, புதுசுதான். பெட்டி வந்தன்னைக்கே நான்தான் பிரிச்சேன். மேனுவலை வச்சு ஒவ்வொண்ணா எண்ணினேன். நட்டு ஏழுதான் இருந்துச்சு. கம்பெனிக்குப் போன் பண்ணி நட்டோட நம்பரைச் சொன்னேன், ஒண்ணு அனுப்பி வச்சாங்க. அது வந்தப்புறம்தான் உங்களைக் கூப்பிட்டேன். திரும்ப டேப்பைப் போட்டு ஒட்டினதும் நான்தான்.”

“அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?”

மாப்பிள்ளை மகளைப் பார்த்தார், பிறகு தரையில் விரித்த அட்டையைப் பார்த்தார்.

“நீங்க எண்ணும்போது ஒண்ணு குறைஞ்சா, முதல்ல என் மூஞ்சியைத்தான் பார்ப்பீங்க மாமா. அதான், குறையாம வச்சேன்.”

ஒன்றும் குறையாமலே, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே அந்த முகத்தைப் பார்த்தாயிற்று. இருபது வருஷமாகப் பெரிய கம்பெனிப் பெட்டிகளில் குறை கண்டுபிடித்த மனிதருக்கு, தன் சந்தேகத்துக்குப் பயந்து ஒருவன் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து நட்டு எண்ணியிருக்கிறான் என்பது தெரியாமல் போனது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மகள் வாசல் கதவருகே போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

“கிளம்புங்கப்பா” என்றாள்.

அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். இது பூட்டாத கட்டில் என்று எனக்குத் தெரியும், துளையைப் பார்த்ததுமே தெரிந்தது, தெரிந்தும்தான் கேட்டேன் என்று மாப்பிள்ளையிடம் சொன்னார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஆலன் கீயை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

“மாமா” என்றார் மாப்பிள்ளை. “எண்ணத்தான் எனக்குத் தெரியும். பூட்டத் தெரியாது. பிள்ளை படுக்கிற கட்டில்.”

அவர் மகளைப் பார்த்தார். அவள் முகம் இளகவில்லை. ஆனால் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.